கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? வெண்டரோடு மின்னஞ்சலில் எஸ்.எல்.ஏ. பேசுவது குறித்து ஓர் ஆய்வு

ஒரு மருத்துவமனை தன் ஆய்வகத்துக்கும் பில்லிங்குக்கும் மென்பொருள் வாங்குகிறது. வருடப் பராமரிப்புக்கு ஏ.எம்.சி. போடும்போது வெண்டரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. பிரச்சினை வந்தால் எத்தனை மணி நேரத்தில் வருவீர்கள்? வராவிட்டால் பில்லில் எவ்வளவு பிடிக்கலாம்? நான்கைந்து மெயில்கள் போய்வருகின்றன. கடைசியில் '4 மணி நேர ரெஸ்பான்ஸ், 99.5 சதவீத அப்டைம், தவறினால் பெனால்டி' என்று ஒரு வரி தேறுகிறது. இரு பக்கமும் திருப்தியாகிவிடுகின்றன.

அந்த ஒரு வரி நெருக்கடியில் எதற்கும் உதவாது என்பதையும், அது உதவ வேண்டுமானால் மெயிலில் எவையெல்லாம் எழுதப்பட வேண்டும் என்பதையும் இந்தக் கட்டுரை ஆராய்கிறது. எஸ்.எல்.ஏ.வின் உயிர் மணிக்கணக்கிலும் இல்லை, பெனால்டித் தொகையிலும் இல்லை. நேரத்தை எந்தக் கணத்திலிருந்து எண்ணுவது, எப்போது நிறுத்துவது, யாருடைய பதிவை நம்புவது என்பதில்தான் இருக்கிறது. இவற்றை எழுதாமல் விட்டால் எவ்வளவு கடுமையான எண்ணைப் பேசி வாங்கினாலும் அது கைக்கு வராது.

ஒரு சனிக்கிழமை இரவின் கணக்கு

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 120 படுக்கைகள் உள்ள ஒரு மருத்துவமனையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் பராமரிப்புக் கட்டணம் மாதம் 50,000 ரூபாய். மேலே சொன்ன ஒற்றை வரிதான் ஒப்பந்தம். சனிக்கிழமை இரவு 9.40-க்கு ஆய்வகப் பகுதி நின்றுவிடுகிறது. இரத்தப் பரிசோதனை முடிவுகள் கருவியிலிருந்து திரைக்கு வரவில்லை. பணியில் இருந்தவர் உடனே டிக்கெட் போடுகிறார். 9.41-க்கு 'உங்கள் புகார் பதிவானது' என்று தானியங்கிப் பதில் வருகிறது. பிறகு இரவு முழுவதும் எந்தச் சத்தமும் இல்லை. ஞாயிறு காலை 11.20-க்கு ஒரு பொறியாளர் தொலைவிலிருந்து இணைகிறார். பிற்பகல் 2.50-க்கு ஆய்வகம் மீண்டும் ஓடுகிறது.

மருத்துவமனையின் கணக்கில் 17 மணி 10 நிமிடம் வேலை நின்றது. வார்டுகளுக்கு முடிவுகளைக் கையால் எழுதி அனுப்பினார்கள். இரண்டாவது ஷிஃப்ட் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. மாத இறுதியில் வெண்டர் அனுப்பும் அறிக்கையோ வேறு கதை சொல்கிறது. ரெஸ்பான்ஸ் 1 நிமிடம், இலக்கு எட்டப்பட்டது. சரிசெய்த நேரம் சுழியம், ஏனென்றால் அவர்களுடைய வேலை நேரம் திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை. அந்தக் கணக்கில் கடிகாரம் திங்கள் காலை 9-க்குத்தான் ஓட வேண்டும், டிக்கெட்டோ அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அப்டைம் 99.8 சதவீதம், அதுவும் இலக்குக்கு மேல்.

அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. அப்டைம் எண்ணை மட்டும் பிரித்துப் பார்ப்போம். 17 மணி 10 நிமிடம் என்பது 1,030 நிமிடம். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள் இருக்கின்றன; அந்த மாத அப்டைம் 97.6 சதவீதத்துக்கு இறங்குகிறது, 99.5-ஐத் தொடவே இல்லை. அதே நிறுத்தத்தை ஒரு வருடத்தின் 5,25,600 நிமிடங்களில் பரப்பினால் 99.8 வருகிறது. மாதக் கணக்கா வருடக் கணக்கா என்று மெயிலில் யாரும் எழுதவில்லை. எழுதாத இடத்தை, அறிக்கை தயாரிப்பவர் தனக்கு ஏற்றபடி நிரப்பிக்கொண்டார். 99.5 சதவீதம் என்றால் மாதக் கணக்கில் 3 மணி 36 நிமிடம் நிற்கலாம். வருடக் கணக்கில் ஒரே மூச்சாகக் கிட்டத்தட்ட 44 மணி நேரம் நிற்கலாம். ஒரே எண், இரண்டு ஒப்பந்தங்கள்.

மூன்று நேரங்கள், ஒரு கடிகாரம்

ரெஸ்பான்ஸ் டைம் என்று பொதுவாகச் சொல்வதை மெயிலில் மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். முதலாவது, மனிதர் ஒருவர் டிக்கெட்டைப் படித்து, தன் பெயரோடு 'பார்த்துவிட்டேன், வேலையைத் தொடங்குகிறேன்' என்று பதில் தரும் நேரம். தானியங்கிப் பதில் இதில் சேராது என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். இரண்டாவது, சேவை மீளும் நேரம். கோளாறின் வேர் களையப்படாமல் இருக்கலாம். மாற்றுவழியிலாவது ஆய்வகம் முடிவுகளை அனுப்பத் தொடங்கிவிட்ட கணம் அது. மூன்றாவது, கோளாறு மறுபடி வராதபடி நிரந்தரத் தீர்வு தரும் நேரம். மருத்துவமனைக்கு வேண்டியது இரண்டாவது. வெண்டர்கள் எளிதாக ஒப்புக்கொள்வது முதலாவது. அதனால்தான் முதல் வரைவில் 'ரெஸ்பான்ஸ்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் வருகிறது. நிரந்தரத் தீர்வுக்கு மணிக்கணக்கு கேட்பது நியாயமும் இல்லை. மூல நிரலில் மாற்றம் தேவைப்பட்டால் அதைச் சோதித்துத்தான் தர முடியும். அவசரப்படுத்தினால் ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுப்பார்கள். அதற்கு நாள் கணக்கும், இடையில் முன்னேற்றத் தகவலும் போதும்.

அடுத்தது தீவிரம். எல்லாக் கோளாறுக்கும் ஒரே நேரம் கேட்டால் வெண்டர் எல்லாவற்றுக்கும் மெதுவான நேரத்தையே தருவார். ஆகவே பி-1, பி-2, பி-3 என்று பிரிப்பது வழக்கம். 'கடுமையான பாதிப்பு' போன்ற அடைமொழியால் பிரித்தால் அன்றிரவே தகராறு வரும். பாதிப்பைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யும்படி எழுத வேண்டும். நோயாளிப் பதிவு, ஆய்வக முடிவு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் பில் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று ஒரு பிரிவு முழுவதற்கும் நின்று, மென்பொருளுக்குள் மாற்றுவழியும் இல்லையென்றால் பி-1. ஒரு அறிக்கையில் தலைப்பு தவறாக அச்சாவது பி-3. டிக்கெட் போடுகிறவரே தீவிரத்தைக் குறிப்பார். வெண்டர் அதைக் குறைக்க நினைத்தால் சேவை மீண்ட பிறகு காரணம் எழுதிக் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். இல்லையெனில் நள்ளிரவில் முதல் அரை மணி நேரம் பி-1-ஆ பி-2-ஆ என்ற வாதத்திலேயே போய்விடும்.

கடிகாரம் எப்போது நிற்கும் என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. டிக்கெட் மென்பொருள்களில் `Pending` என்றொரு நிலை உண்டு. வாடிக்கையாளரிடமிருந்து தகவல் வர வேண்டும் என்று பொறியாளர் அந்த நிலைக்கு மாற்றினால் எஸ்.எல்.ஏ. கடிகாரம் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். இதில் நியாயமும் இருக்கிறது; நாம் பதில் தராத நேரத்துக்கு அவர் பொறுப்பல்ல. ஆனால் இரவு 2 மணிக்கு 'ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்' என்று கேட்டுவிட்டு, காலை 9-க்குப் பதில் வரும்வரை கடிகாரத்தை நிறுத்தி வைக்கலாம் என்பதும் இதே ஏற்பாடுதான். இதற்கு மருந்து இரு பக்கமும் இருக்கிறது. பி-1-க்கு, குறிப்பிட்ட ஒரு கேள்வியைத் தொலைபேசியில் கேட்ட பிறகே கடிகாரம் நிற்கும் என்று எழுதலாம். அதற்கு ஈடாக மருத்துவமனையும் இரவுப் பணியில் பதில் சொல்லவும் தொலைவழி அணுகல் தரவும் அதிகாரம் உள்ள ஒருவரை, அவருடைய கைப்பேசி எண்ணோடு, அறிவிக்க வேண்டும். இந்தக் கடமையை ஏற்காமல் 24 மணி நேரச் சேவை கேட்பது வெண்டருக்கு அநீதி.

இன்னொரு ஓட்டை, டிக்கெட்டை மூடிவிட்டு அதே கோளாறுக்குப் புது டிக்கெட் திறப்பது. ஒவ்வொரு முறையும் கடிகாரம் சுழியத்திலிருந்து தொடங்கும். அதே கோளாறு 7 நாட்களுக்குள் திரும்பினால் பழைய டிக்கெட்டே திறக்கப்படும், முன்பு ஓடிய நேரமும் சேர்த்து எண்ணப்படும் என்று எழுதினால் இது அடைபடும்.

சராசரியை ஏற்பதும் ஆபத்து. 'மாதச் சராசரி ரெஸ்பான்ஸ் 2 மணி நேரம்' என்றால், பத்து நிமிடத்தில் முடிந்த முப்பது சின்ன டிக்கெட்டுகள் ஒரு பதினேழு மணி நேர டிக்கெட்டை மறைத்துவிடும். '95 சதவீத டிக்கெட்டுகள் இலக்குக்குள்' என்பது டிக்கெட்டுகள் அதிகம் உள்ள பி-3-க்குப் பொருந்தும். ஒரு மாதத்தில் பி-1 இரண்டோ மூன்றோதான் வரும். மூன்றில் 95 சதவீதம் என்பதற்குப் பொருளே இல்லை. பி-1-ஐ ஒவ்வொன்றாகத்தான் அளக்க வேண்டும்.

மெயிலில் ஒப்புக்கொண்டது செல்லுமா?

கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் மெயிலில் பேசியது ஒப்பந்தமாகுமா என்ற தயக்கம் நம் ஊர் நிர்வாக அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008 திருத்தத்தின் வழியாக 10ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. முன்மொழிவும் ஏற்பும் மின்னணு வடிவில் நடந்தன என்ற காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது அது. டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல், வேதாந்தா அலுமினியம் நிறுவனங்களுக்கு இடையிலான பாக்சைட் கப்பல் சரக்கு வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் இதே வழியில் சென்றது. முறையான ஒப்பந்தப் பத்திரம் பிறகு கையெழுத்தாகவில்லை என்றாலும், மெயில்களில் முக்கிய விதிகள் அனைத்தும் ஏற்கப்பட்டிருந்ததால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று கூறியது.

ஆக, மெயில் செல்லுமா என்பது பெரிய சிக்கல் இல்லை. ஏற்பு எங்கே நிகழ்ந்தது என்று காட்டுவதுதான் சிக்கல். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனை அற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 'பொதுவாகச் சம்மதம், ஆனால் மீட்பு நேரம் 8 மணியாக இருக்கட்டும்' என்ற பதில் ஏற்பு ஆகாது. அது புதிய முன்மொழிவு. 'குறித்துக்கொண்டோம் சார்', 'டீமோடு பேசிவிட்டுச் சொல்கிறோம்' என்பவையும் ஏற்பு அல்ல. பன்னிரண்டு மெயில்களில் ஆளுக்கொரு விதியைத் திருத்தி, கடைசியில் 'ஓகே' என்று ஒரு பதில் வந்தால், அந்த ஓகே எந்த வடிவத்துக்கு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. பேச்சு முடிந்ததும் நாம் எல்லா விதிகளையும் எண்ணிட்டு, மெயிலின் உடலிலேயே எழுதி அனுப்ப வேண்டும். இது முந்தைய மெயில்கள் அனைத்துக்கும் பதிலானது என்றும் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் அதை மாற்றமின்றி ஏற்பதாக ஒரே வரியில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் விற்பனைப் பிரதிநிதியிடமிருந்து வந்தால் போதாது. நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளவர் அனுப்ப வேண்டும், அல்லது அவரை நகலில் வைத்து அவருடைய ஒப்புதலையும் பெற வேண்டும்.

ஏற்கனவே கையெழுத்தான மூல ஒப்பந்தம் இருந்தால் அதையும் எடுத்துப் படிக்க வேண்டும். 'இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து மூலமே திருத்தம் செல்லும்' என்ற விதி அதில் இருந்தால், மெயில் ஒப்புதல் அங்கே மாட்டிக்கொள்ளும். அப்போது மெயிலில் ஒப்புக்கொண்ட உரையை இணைப்பாக்கி இருவரும் கையொப்பமிடுவதே பாதுகாப்பு. மூல ஒப்பந்தம் இல்லாமல் பர்ச்சேஸ் ஆர்டரில் மட்டும் வேலை நடந்தால், அந்த மெயிலின் தேதியையும் தலைப்பையும் பி.ஓ.வில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பில்லும் அந்த மெயிலோடு கட்டுண்டுவிடும்.

மெயில்களை ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருப்பது போதாது. மூலக் கோப்பை `.eml` வடிவில் சேமிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. மூலக் கோப்பு கையில் இருந்தால்தான் அந்தச் சான்றிதழைச் சிரமமின்றித் தர முடியும்.

தவறினால் என்ன?

பரிகாரம் என்றதும் பெனால்டி என்ற சொல்தான் முதலில் வருகிறது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் வெளியிடும் எஸ்.எல்.ஏ.க்களில் இருப்பது சேவைக் கிரெடிட். அமேசானின் இ.சி.-2 சேவையை எடுத்துக்கொண்டால், ஒரு பிராந்திய அளவில் மாத அப்டைம் 99.99 சதவீதத்துக்குக் கீழே, ஆனால் 99-க்குக் குறையாமல் இருந்தால் 10 சதவீதக் கிரெடிட். 99-க்குக் கீழே 30 சதவீதம். 95-க்குக் கீழே 100 சதவீதம். வாடிக்கையாளர் குறித்த காலத்துக்குள் கோரினால்தான் அதுவும் கிடைக்கும். அங்கே பேரம் கிடையாது. நம் மருத்துவமனையின் வெண்டர் அதே கிளவுடில் மென்பொருளை ஓட்டினாலும், மருத்துவமனையோடு பேச உட்காருகிறவர் அவர்தான். கிளவுடில் கோளாறு என்று சொல்லி அவர் முழுவதும் விலகிக்கொள்ளலாமா என்பதையும் மெயிலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கிரெடிட் எவ்வளவு என்பதற்கு ஒரு வாய்பாடு வேண்டும். பி-1-இல் 4 மணி நேர மீட்பு இலக்கைத் தாண்டித் தொடங்கும் ஒவ்வொரு 2 மணி நேரத்துக்கும் மாதக் கட்டணத்தில் 5 சதவீதம், மாத உச்சம் 20 சதவீதம் என்று வைப்போம். அந்தச் சனிக்கிழமை இலக்கைத் தாண்டியது 13 மணி 10 நிமிடம். தொடங்கிய 2 மணி நேரத் துண்டுகள் 7. கணக்குப்படி 35 சதவீதம், உச்சவரம்பால் 20. கிரெடிட் 10,000 ரூபாய்.

ஓர் இரவு முழுவதும் ஆய்வகம் நின்றதற்கு 10,000 ரூபாய் ஈடாகாது. கிரெடிட்டை இழப்பீடாக நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதன் வேலை வேறு. வெண்டர் நிறுவனத்துக்குள் அந்த இரவைப் பற்றி யாரோ ஒருவர் மேலாளருக்கு விளக்கம் எழுத வேண்டிய நிலையை அது உண்டாக்குகிறது. தொகை சின்னதாக இருந்தாலும் தவறாமல் பிடிக்கப்பட்டால் அந்த விளைவு வரும். பெரிய தொகையை எழுதிவைத்து ஒருமுறைகூடப் பிடிக்காவிட்டால் வராது. அதனால் 'கோரினால் வழங்கப்படும்' என்பதற்குப் பதிலாக, 'மாத அறிக்கையில் கணக்கிட்டு அடுத்த பில்லில் தானாகக் கழிக்கப்படும்' என்று எழுத வேண்டும்.

கிரெடிட் என்ன பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, மீறலுக்கென்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால் நீதிமன்றம் நியாயமான ஈட்டையே தரும். குறித்த தொகை அதற்கு உச்சவரம்பு. கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. இழப்பே ஏற்படவில்லை என்றால் குறித்த தொகையையும் எடுத்துக்கொள்ள முடியாது என்றும் கூறியது. ஆகவே வெண்டரை மிரட்ட 'தவறினால் 5 லட்சம்' என்று எழுதுவதால் பயன் குறைவு. அதேபோல் 10,000 ரூபாயை 'மீறலுக்கான முழு ஈடு' என்று எழுதிவிட்டால், தரவே அழிந்துபோகும் நாளில் அந்த 10,000 நம் கையைக் கட்டிவிடும். கிரெடிட்டைக் கட்டணக் குறைப்பு என்று எழுதுவதே சரி: குறைந்த சேவைக்குக் குறைந்த கட்டணம், மற்ற உரிமைகள் அப்படியே நிற்கும்.

வெண்டர் இதை எளிதில் ஏற்க மாட்டார்; கிரெடிட்டே ஒரே பரிகாரம் என்று அவர் கேட்பார். மாதம் 50,000 வாங்குகிறவர் கோடிக்கணக்கான பொறுப்பை ஏற்க மறுப்பதில் தவறு இல்லை. இரு பக்கமும் தாங்கக்கூடிய நடு வழி, வழக்கமான தாமதங்களுக்குக் கிரெடிட்டே ஒரே பரிகாரமாக இருக்க, நோயாளித் தரவு இழப்பு, தரவுக் கசிவு, வேண்டுமென்றே பணியைக் கைவிடுதல் ஆகிய மூன்றையும் அதற்கு வெளியே வைப்பது.

73-ஆம் பிரிவு இன்னொரு வழியைக் காட்டுகிறது. மீறலால் இயல்பாக எழும் இழப்புக்கும், ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு கோரலாம். ஆய்வக முடிவு தாமதமானால் அறுவைச் சிகிச்சை ஒத்திப்போகும், கூடுதல் ஷிஃப்ட் கொடுக்க நேரும் என்று முதல் மெயிலிலேயே எழுதிவிட்டால், தனக்குத் தெரியாது என்று வெண்டர் பின்னால் சொல்ல முடியாது. பேரத்துக்கான மெயிலில் இந்த இரண்டு வரிகள் செலவில்லாத பாதுகாப்பு.

பணத்தைவிட வலிய பரிகாரம் விலகும் உரிமை. தொடர்ந்த 6 மாதங்களில் 3 முறை பி-1 மீட்பு இலக்கு தவறினால், 30 நாள் அறிவிப்பில், விலகல் கட்டணம் இன்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது அந்த விதி. ஆனால் தரவைத் திருப்பித் தரும் கடமை இல்லாமல் இது காகித உரிமையாகவே இருக்கும். நோயாளிப் பதிவுகளை வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய வடிவில், களங்களின் விளக்கத்தோடு, 15 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று சேர்த்தால்தான் அதற்கு வலு வரும்.

பில்லில் கழிப்பது எப்படி?

கிரெடிட் பேசியவர்கள் அதை எப்படிக் கழிப்பது என்று பெரும்பாலும் பேசுவதில்லை. கணக்குப் பிரிவு தானாகவே 10,000 குறைத்துப் பணம் அனுப்பினால் வெண்டரின் ஏட்டில் அது பாக்கியாக நிற்கும். சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, தந்த சேவை குறைபாடுடையது என்றால் வெண்டர் கிரெடிட் நோட் போடலாம். மருத்துவமனைக்கு இதில் தனி லாபம் உண்டு. மருத்துவச் சேவை பெரும்பாலும் ஜி.எஸ்.டி. விலக்கில் இருப்பதால் ஏ.எம்.சி. மீது கட்டும் 18 சதவீத வரியை அது உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. அது முழுச் செலவு. கிரெடிட் நோட் வரியோடு வந்தால் 10,000-க்குப் பதில் 11,800 குறைகிறது. 'கிரெடிட், வரி உட்பட, கிரெடிட் நோட் வழியாக' என்று மெயிலில் எழுதுவது இதற்காகத்தான்.

வெண்டர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால், பில்லை முழுவதும் நிறுத்தி வைப்பது நமக்கே ஆபத்து. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரச் சொல்கிறது. தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சேவையில் குறை இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க அதே சட்டம் இடம் தருகிறது. ஆகவே மாத அறிக்கை எந்தத் தேதியில் வரும், எத்தனை நாளுக்குள் நாம் மறுக்கலாம் என்பதை இந்த 15 நாளுக்குள் அடங்கும்படி அமைத்துக்கொள்வதும், தகராறு இல்லாத தொகையை உடனே கட்டிவிடுவதும் நல்லது.

ஒப்புதல் மெயில் எப்படி இருக்கும்?

இந்த மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். சாரத்தைத் தமிழில் தருகிறேன். மருத்துவமனை 4 மணி நேர மீட்பும் 24 மணி நேரச் சேவையும் கேட்டது. வெண்டர் தன்னிடம் இரவு ஷிஃப்ட் இல்லை என்றும், முழு நேரச் சேவைக்குக் கட்டணம் கூடும் என்றும் எழுதினார். பி-1-க்கு மட்டும் இரவில் அழைப்பில் ஒரு பொறியாளர் இருப்பார், பி-2-ம் பி-3-ம் வேலை நேரத்தில் என்று இருவரும் இறங்கி வந்தார்கள். அதன் பிறகு மருத்துவமனை அனுப்பும் தொகுப்பு மெயில் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய சார், வணக்கம். இம்மாதம் நாம் பேசியவற்றின் இறுதி வடிவம் கீழே. இது முந்தைய மெயில்கள் அனைத்துக்கும் பதிலானது.

1. பி-1 என்பது பதிவு, ஆய்வகம், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் பில் ஆகியவற்றில் ஒன்று ஒரு பிரிவு முழுவதற்கும் நின்று, மென்பொருளுக்குள் மாற்றுவழி இல்லாத நிலை. தீவிரத்தை மருத்துவமனை குறிக்கும்.

2. கடிகாரம், டிக்கெட் பதிவான அல்லது அவசர எண்ணுக்கு அழைத்த நேரங்களில் முந்தியதிலிருந்து ஓடும். பி-1-க்கு எல்லா நாளும் எல்லா நேரமும் ஓடும்.

3. பி-1: 30 நிமிடத்துக்குள் பொறியாளரின் பதில், 4 மணி நேரத்துக்குள் மீட்பு. தானியங்கிப் பதில் கணக்கில் வராது.

4. மருத்துவமனையின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டும் கழியும். மருத்துவமனையின் மின்தடை, இணையத் தடை, 72 மணி நேரம் முன் அறிவித்த பராமரிப்பு ஆகியவையும் கழியும்.

5. அதே கோளாறு 7 நாட்களுக்குள் திரும்பினால் பழைய டிக்கெட்டே தொடரும். முன்பு ஓடிய நேரமும் சேரும்.

6. அப்டைம் ஒவ்வொரு காலண்டர் மாதமும் தனியாக, 99.5 சதவீதம்.

7. மீட்பு இலக்கைத் தாண்டித் தொடங்கும் ஒவ்வொரு 2 மணி நேரத்துக்கும் மாதக் கட்டணத்தில் 5 சதவீதம், உச்சம் 20, வரி உட்படக் கிரெடிட் நோட்டாக, அடுத்த பில்லோடு. இது கட்டணக் குறைப்பு. வழக்கமான தாமதங்களுக்கு இதுவே பரிகாரம். தரவு இழப்பு, தரவுக் கசிவு, பணியைக் கைவிடுதல் ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

8. மாத அறிக்கை 5-ஆம் தேதிக்குள் வரும்; 7 நாட்களுக்குள் மறுக்கலாம். நேரத்தில் வேறுபாடு இருந்தால் டிக்கெட் பதிவையும் அழைப்புப் பதிவையும் ஒப்பிட்டுத் தீர்ப்போம்.

9. 6 மாதங்களில் 3 பி-1 தவறினால் 30 நாள் அறிவிப்பில் விலகலாம். தரவு 15 நாட்களுக்குள் ஒப்படைக்கப்படும்.

ஏப்ரல் 1 முதல் அமல். 1 முதல் 9 வரையான விதிகளை மாற்றமின்றி ஏற்பதாக உங்கள் இயக்குநரின் பதிலை வேண்டுகிறோம்."

இந்த விதிகளை வைத்து அந்தச் சனிக்கிழமையை மறுபடி கணக்கிட்டால் எல்லாம் மாறுகிறது. கடிகாரம் இரவு 9.40-க்கு ஓடத் தொடங்குகிறது. 10.10-க்குள் வர வேண்டிய மனிதப் பதில் ஞாயிறு 11.20-க்கு வந்தது. இரவு 1.40-க்குள் மீள வேண்டிய ஆய்வகம் பிற்பகல் 2.50-க்கு மீண்டது. அப்டைமும் தவறியது. கிரெடிட் வரியோடு 11,800. விலகும் உரிமைக்கான மூன்றில் ஒன்று பதிவாகிவிட்டது. இவற்றில் எதற்கும் வாதம் தேவைப்படவில்லை. அதைவிட முக்கியமாக, அழைப்பில் ஒரு பொறியாளர் இருந்தே ஆக வேண்டிய ஏற்பாட்டில் அந்த இரவு அப்படி நீண்டிருக்க வாய்ப்பும் குறைவு.

எல்லைகள்

எவ்வளவு நன்றாக எழுதிய எஸ்.எல்.ஏ.வும் வெண்டரிடம் இல்லாத ஆளை உருவாக்காது. ஒரே ஒருவருக்குத்தான் அந்த மென்பொருளின் உள்ளமைப்பு தெரியும் என்றால், 4 மணி நேரம் என்பது அவருக்குக் காய்ச்சல் வராத நாட்களுக்கான வாக்குறுதி மட்டுமே. இரவு அழைப்புப் பட்டியலில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ஆய்வகப் பகுதி தெரியும் என்று பேரத்தின் போதே கேட்பது எந்த விதியையும்விடப் பயன் தரும். பதில் ஒருவர் என்றால், கிரெடிட்டை உயர்த்திப் பேசுவதை விட்டுவிட்டு, மென்பொருள் நின்றால் கையால் எழுதி ஓட்டும் முறையை ஊழியர்களுக்குப் பழக்குவதில் அந்த நேரத்தைச் செலவிட வேண்டும்.

கடுமையான எண்ணுக்கு விலையும் உண்டு. 4 மணி நேரத்தை 1 மணியாக்கினால் வெண்டர் இரவு ஷிஃப்ட் வைக்க வேண்டும். அந்தச் சம்பளம் நம் கட்டணத்தில் வரும். கட்டணத்தைக் கூட்டாமல் வெறும் எண்ணை மட்டும் ஒப்புக்கொள்கிற வெண்டர், அதைக் காப்பாற்றப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே பேரத்தின் வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இந்த ஆய்வின் முடிவு. முதலில் எது நின்றால் பி-1 என்பதை எழுதுங்கள். அடுத்து கடிகாரம் எங்கே தொடங்கி எங்கே நிற்கும் என்பதையும், யார் பதிவை நம்புவது என்பதையும் எழுதுங்கள். மணிக்கணக்கும் சதவீதமும் அதற்குப் பிறகு வரட்டும். கிரெடிட் எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசையில் பேசினால் வெண்டர் தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை முதல் இரண்டு மெயில்களிலேயே சொல்லிவிட நேர்கிறது. ஒப்புக்கொள்ளாத வெண்டரை ஒப்பந்தத்துக்கு முன்பே கண்டுகொள்வதும் இந்த மெயில்கள் தரும் பயன்தான்.